பால் பொங்கிச்சா?

பொங்கலன்று ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது, "பால் பொங்கிச்சா?" என்றுதான். வெளிநாட்டில் தனி அறையில் இருக்கும் நண்பரிடமும் அதையே கேளுங்கள். கரும்பும் பானையும் போட்ட வாழ்த்துப் படத்துக்கு ஒரு கைகூப்பல் போதும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி பச்சரிசி, கொஞ்சம் வெல்லம் இருந்தால் ஆயிற்று.

நேரம் பார்த்து அழையுங்கள். இங்கே காலை 7 மணி என்றால் டொராண்டோவில் முந்தைய இரவு 8.30, உங்கள் பானை பொங்குவதை அவர் வீடியோவில் பார்ப்பார். லண்டனிலோ அப்போது நள்ளிரவு 1.30. அவரைத் தூங்கவிட்டு, அங்கே விடிந்து பால் காயும் நேரத்தில் கூப்பிடுங்கள். "பொங்கலோ பொங்கல்" என்று கூவ இன்னொரு குரல் வேண்டும்.