கையெழுத்துக்கு முன்னால் ஐந்து வரி

12 பக்க ஒப்பந்தம் மெயிலில் வருகிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறாய். கேட்டால், "அதெல்லாம் வக்கீல் பாஷை, நமக்கு எங்கே புரியப்போகுது" என்கிறாய். லோகோவில் இரண்டு எழுத்துக்கு நடுவே அரை மில்லிமீட்டர் கூடினால் உன் கண்ணுக்கு உறுத்துகிறது. அந்தக் கண்ணுக்கு இரண்டு பத்தி படிக்கத் தெரியாதா? தெரியும். பயம்தான் படிக்கவிடாமல் தடுக்கிறது. இன்றைக்கு அந்தப் பயத்தை உடைப்போம்.

12 பக்கத்தையும் கரைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. இரண்டே ஷரத்துகள்: வேறு யாருக்கு வேலை செய்யக் கூடாது என்று சொல்லும் போட்டித் தடை ஒன்று, ஒப்பந்தத்தை யார், எப்படி முடிக்கலாம் என்று சொல்லும் ஷரத்து இன்னொன்று. ஃப்ரீலான்ஸ் டிசைனரின் கழுத்தில் கயிறு விழுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு பேக்கேஜிங் டிசைனர். மசாலா, அப்பளம், முறுக்கு என்று உணவுப் பொருள்களின் பாக்கெட்டுகள்தான் அவளுடைய கைவேலை. மாதம் ஏறத்தாழ 50,000 ரூபாய் வருமானம், அதில் 30,000 உணவு நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஒரு மசாலா கம்பெனி 1,20,000 ரூபாய்க்கு எட்டு வார வேலை தருகிறது. கையெழுத்தானதும் 40,000, முதல் டிசைன் 'ஏற்கப்பட்டதும்' 40,000, கடைசி ஃபைல் கொடுத்ததும் 40,000.

ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறது. போட்டித் தடை ஷரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "டிசைனர், ஒப்பந்தக் காலமாகிய 24 மாதங்களிலும், ஒப்பந்தம் எக்காரணத்தாலும் முடிவடைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரையிலும், இந்தியாவுக்குள், நேரடியாகவோ மறைமுகமாகவோ, நிறுவனத்தின் தொழிலை ஒத்த அல்லது அதனோடு தொடர்புடைய எந்தத் தொழிலுக்கும் சேவை வழங்கக் கூடாது." முடிக்கும் ஷரத்து இது: "நிறுவனம் எந்தக் காரணமும் கூறாமல், 7 நாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை முடிக்கலாம். டிசைனர் முதல் 12 மாதங்களுக்குப் பிறகே, 90 நாள் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம். முடிவுற்ற நாள்வரை நிறுவனம் ஏற்றுக்கொண்ட வேலைக்கு மட்டுமே பணம் தரப்படும்."

நீதான் அந்த டிசைனர் என்று வைத்துக்கொண்டு, இனி இதைச் சுருக்கு. ஐந்து கேள்விதான்: யாருக்குத் தடை, எந்த வேலைக்குத் தடை, எவ்வளவு காலம், எந்த ஊரில், மீறினாலோ முடிந்தாலோ பணம் என்ன ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. வரியில் 'டிசைனர்' என்று எழுதாதே, 'நான்' என்று எழுது. சுருக்கம் அங்கேதான் உயிர் பெறுகிறது.

நான் என் பெயரிலும் செய்யக் கூடாது, வேறொருவர் பெயரிலும் செய்யக் கூடாது.
மசாலா மட்டுமில்லை, உணவு சம்பந்தப்பட்ட எதையும் செய்யக் கூடாது.
ஒப்பந்தம் ஓடும்வரை, பிறகும் ஒரு வருஷம்.
இந்தியா முழுக்க.
அவங்க 7 நாளில் வெளியே போகலாம், நான் 15 மாதம் கழித்துத்தான் போகலாம். போகும்போது அவங்க ஏற்றுக்கொண்டதுக்கு மட்டும்தான் காசு.

படித்துப் பார். ரத்தம் கொதிக்கிறதா? கொதிக்கட்டும். ஆனால் ஒன்றைச் சரிபார். சுருக்கும்போது நழுவுவது பெரிய சொற்கள் அல்ல, குட்டிச் சொற்கள். 'மறைமுகமாக' என்பதை விட்டுவிட்டால், தம்பி பெயரில் இன்வாய்ஸ் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வாய். 'தொடர்புடைய' என்பதை விட்டால், காபித்தூள் கம்பெனிக்கு வேலை செய்யலாம் என்று தோன்றும். 'எக்காரணத்தாலும்' என்பதுதான் இருப்பதிலேயே கொடியது; அவர்களே உன்னைத் துரத்தினாலும் தடை உன்மேல்தான் என்பது அதற்கு அர்த்தம். மூலப் பத்தியைப் பிரின்ட் எடுத்து, உன் ஐந்து வரியில் வந்துவிட்ட சொற்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே போ. அடிபடாமல் மிஞ்சும் சொல்தான் நீ கவனிக்காத பொறி.

அடுத்தது எடை போடுவது. இங்கேதான் பலரும் தவறான ஷரத்தைக் கண்டு மிரளுகிறார்கள். '12 மாதத் தடை' என்பதைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவு, ஒருவர் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரையே விற்றவருக்குத்தான் விதிவிலக்கு. நீ எதையும் விற்கவில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான், தன் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்துக்கொண்ட நிறுவனத்தோடு மோதிய வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது: ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கையைக் கட்டிப்போடும் ஷரத்து 27வது பிரிவில் அடிபடும். அந்தப் பிரிவு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஜாகீர் கான் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல.

ஆக, முடிந்த பிறகு வரும் அந்த 12 மாதம் பெரும்பாலும் காகிதப் புலி. உன் பயம் இருக்கும்வரைதான் அதற்குப் பல் இருக்கிறது.

நிஜப் புலி முதல் பாதியில் உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. 1967ல் நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மனசாட்சிக்கு ஒவ்வாததாகவோ, அளவு மீறிக் கடுமையாகவோ, ஒருதலைப்பட்சமாகவோ இருந்தால் மட்டும் தப்பலாம். அதை நிரூபிக்கக் கோர்ட் படி ஏற வேண்டியது நீ. இப்போது இரண்டு ஷரத்தையும் பக்கத்தில் வைத்துப் படி. வேலை எட்டு வாரம். ஒப்பந்தமோ 24 மாதம். நீ வெளியேற ஆகும் காலம் 12 மாதம், அதன்மேல் 90 நாள், ஆக 15 மாதம். அதுவரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, தடையும் உயிரோடு இருக்கிறது. எட்டு வாரத்துக்குப் பிறகு அவர்கள் ஒரு வேலைகூடத் தராவிட்டாலும் நீ கட்டுண்டவள். ஆகவே உன் போட்டித் தடை உண்மையில் எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிப்பது போட்டித் தடை ஷரத்து அல்ல, முடிக்கும் ஷரத்து. இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறவர் ஏமாறுவார்.

ரூபாயில் போடு. மாதம் 30,000 உணவு வருமானம், 15 மாதத்துக்கு 4,50,000. கையில் வருவது 1,20,000. அதுவும் முழுசாக வருமா? ஆறாவது வாரம் முடிந்ததும் அவர்கள் முடித்துக்கொண்டார்கள் என்று வை. மூன்று டிசைன் கொடுத்திருக்கிறாய், 'பார்த்துச் சொல்றோம்' என்பதைத் தாண்டி எதையும் எழுத்தில் 'ஏற்கவில்லை'. எட்டில் ஆறு வார உழைப்புக்கு 90,000 வர வேண்டும். வந்தது முதல் 40,000. மீதி 50,000 கோவிந்தா! நல்லவேளை, ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் தடையின் நிஜப் பகுதியும் அன்றே முடிந்தது.

இதைப் போட்டுப் பார்த்த பிறகு கெஞ்சாதே. கணக்கோடு பேசு. நான் கேட்கச் சொல்வது ஐந்து திருத்தம். தடை, வேலை நடக்கும் வாரங்களுக்கு மட்டும். அதுவும் அவர்கள் பெயர் சொல்லி எழுதித் தரும் மூன்று போட்டி நிறுவனங்களுக்கு மட்டும். நோட்டீஸ் இருவருக்கும் ஒரே 15 நாள். எப்போது முடிந்தாலும் அன்றுவரை செய்த வேலையின் விகிதத்துக்குப் பணம். டிசைன் கொடுத்த 7 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். கடைசியாக, முழுப் பணமும் வந்த பிறகே டிசைனின் பதிப்புரிமை கை மாறும். இந்தக் கடைசி வரியை விட்டுக்கொடுக்கவே கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக்கொடுக்க முடியும். எந்த நாளில் மாறுகிறது என்று எழுதும் பேனா இன்னும் உன் கையில் இருக்கிறது. பணம் தராமல் உன் டிசைனைப் பாக்கெட்டில் அச்சடிக்க முடியாது என்பதுதான் உன் பிடி.

மெயில் நீளமாக வேண்டாம். "ஒப்பந்தத்தைப் படித்தேன். உணவுத் துறை முழுவதையும் 24 மாதம் விட்டுவிட்டால் எனக்கு மாதம் 30,000 ரூபாய் இழப்பு. தடை வேலைக்காலத்துக்கு மட்டும் என்றால் இதே தொகைக்குச் செய்கிறேன். முழுத் தடை வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் பேசலாம்." இவ்வளவுதான். இதில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஒரு டிசைனர் தனக்கு மட்டும் வேண்டும் என்று நினைக்கும் கம்பெனி, அந்த 'மட்டும்' என்பதற்கு விலை கொடுக்கட்டும்.

மீறினால் 5 லட்சம் அபராதம் என்று ஒரு வரி இருந்தாலும் உறைந்துபோகாதே. ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் ரகசியம் காக்கும் ஷரத்து வேறு ரகம். அவர்கள் வெளியிடாத பாக்கெட் டிசைனை வெளியே காட்டினால் 27வது பிரிவு உன்னைக் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. கிளையண்ட் வெளிநாட்டில் இருந்து, அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று ஒப்பந்தம் சொன்னால், மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட தடை செல்லாது, வேறு பல மாநிலங்களில் செல்லும். அந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடு. போகும்போது 12 பக்கத்தோடு உன் ஐந்து வரியையும் கொண்டுபோ. அந்த ஒரு மணி நேரமும் பதிலுக்கே போகும்.

இன்பாக்ஸில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒப்பந்தம் ஒன்று உனக்கும் இருந்தால், இன்று இரவே அந்த இரண்டு பத்தியைப் பிரின்ட் எடு. ஐந்து வரி எழுதி, பென்சிலால் அடித்து, ரூபாயில் கணக்குப் போடு. நாளைக் காலை கையெழுத்துக்குப் பதிலாக அந்த மெயிலை அனுப்பு.