பாதி நினைவில் நிற்கும் படம்

சிறுவயதில் பார்த்த படம் ஒன்று பலருக்குப் பெயரில்லாமலே மனத்தில் தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று காட்சிகள், ஒரு பாட்டு, ஒரு முகம், அவ்வளவுதான். இந்தத் துண்டுகளைக் கொண்டு படத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முடிகிற காரியமே. ஆனால் நினைவில் எது மிகத் தெளிவாக நிற்கிறதோ, அதுவே மிக நல்ல தடயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தடயத்தின் பலம் எத்தனை படங்களை அது விலக்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1980களில் தூர்தர்ஷனில் ஒரு படம் பார்த்த குழந்தை வளர்ந்த பிறகு அதைத் தேடுவதாக வைத்துக்கொள்ளலாம். நினைவில் இருப்பவை இவை: அச்சில் வார்த்தாற்போல் இரண்டு சிறுமிகள். ஒருத்தி அம்மாவிடம், இன்னொருத்தி அப்பாவிடம் வளர்கிறார்கள். இருவரும் சந்தித்து, வீடு மாறிப் போய், பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைக்கிறார்கள். கோழி, சேவல், குஞ்சு என்று ஒரு பாட்டு வருகிறது. மாப்பிள்ளையை மதிக்காத ஒரு பணக்கார மாமியார் இருக்கிறார். படம் கருப்பு வெள்ளை.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். படம் பார்த்த ஆண்டும் படம் வெளிவந்த ஆண்டும் ஒன்றல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. அதில் ஞாயிறு மாலைகளில் வந்த படங்களில் பழையவை ஏராளம். ஆகவே பார்த்த ஆண்டு மேல் வரம்பை மட்டுமே தரும். படம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. கருப்பு வெள்ளை என்ற நினைவையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகும் பல வீடுகளில் இருந்தது கருப்பு வெள்ளைப் பெட்டிதான். வண்ணப் படமும் அதில் கருப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது.

அடுத்தது கதை. இரட்டைச் சிறுமிகள் வீடு மாறும் கதை என்று கேட்டதுமே பழைய படங்களில் தோய்ந்தவர்கள் "குழந்தையும் தெய்வமும்" என்று சொல்லிவிடுவார்கள். ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி 1965இல் வெளிவந்த படம் அது. குட்டி பத்மினி இரட்டை வேடம். அப்பாவாக ஜெய்சங்கர், அம்மாவாக ஜமுனா, மாமியாராக ஜி. வரலட்சுமி. கோழிப் பாட்டும் அதில் உண்டு. தேடல் முடிந்தது என்றே தோன்றும்.

முடியவில்லை. அதே ஏவி.எம்., அதே கிருஷ்ணன்-பஞ்சு, அதே கதையை 1966இல் தெலுங்கில் "லேத மனசுலு" என்றும், 1968இல் இந்தியில் "தோ கலியான்" என்றும் எடுத்தார்கள். கோழியும் சேவலும் குஞ்சும் வரும் பாட்டு மூன்றிலும் இருக்கிறது. தெலுங்கிலும் குட்டி பத்மினிதான், ஜமுனாதான், ஜி. வரலட்சுமிதான். இந்தியில் சிறுமியாக நடித்தவர், பின்னாளில் கதாநாயகியான நீத்து சிங். அந்தப் படம் வண்ணப்படம். ஆனால் கருப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. தமிழ்நாட்டு வீடுகளில் தூர்தர்ஷன் வழியாக இந்திப் படங்களும் வந்தன, பிறமொழிப் படங்களும் வந்தன. மொழி புரியாமலே படம் பார்த்த குழந்தைகள் நிறைய. பிற்பாடு கதையை நினைத்துப் பார்க்கும்போது வசனம் தமிழில் கேட்டது போலவே இருக்கும்.

இப்போது துண்டுகளை மறுபடி எடை போட்டுப் பார்க்கலாம். இரட்டையர், கோழிப் பாட்டு, மாமியார் மூன்றும் மிகத் தெளிவான நினைவுகள். ஆனால் எந்தப் படத்தையும் அவை விலக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் ஏவி.எம். முத்திரை வந்தது நினைவிருந்தாலும் பயனில்லை, மூன்றும் அந்த நிறுவனத்தினுடையவை. முடிவைத் தருவது குழந்தை அதிகம் கவனிக்காத முகம், அதாவது அப்பா. தமிழில் ஜெய்சங்கர், தெலுங்கில் ஹரநாத், இந்தியில் பிஸ்வஜித். மெகமூத் நினைவில் இருந்தால் அது இந்திப் படம். அப்பா வேடத்தில் நடித்த மூவரின் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் சொல்லாமல் காட்டினால் பதில் கிடைத்துவிடும்.

நடிகர் முகம் இன்னொரு வகையிலும் உதவும். ஒரு நடிகரின் முதல் படம் கீழ் வரம்பு. ஜெய்சங்கர் கதாநாயகனாக அறிமுகமானது "இரவும் பகலும்" படத்தில், 1965இல். அவர் இருக்கிறார் என்றால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. குழந்தை நட்சத்திரம் அதைவிட நல்ல கடிகாரம். பெரியவர்கள் இருபது ஆண்டு ஒரே மாதிரி தெரிவார்கள். ஏழு வயதுச் சிறுமி மூன்றே ஆண்டில் வேறு ஆளாகிவிடுவாள். ஜெய்சங்கரின் அறிமுக ஆண்டும் குட்டி பத்மினியின் உயரமும் சேர்ந்தால் நடுவில் மிஞ்சுவது சில ஆண்டுகள்தான். இதற்கு மாறாக, நாகேஷ் இருந்தார் என்பது அறுபதுகளின் படத்துக்கு ஏறக்குறைய ஒரு தடயமே அல்ல. அந்தப் பத்தாண்டில் அவர் இல்லாத படத்தைத் தேடுவதுதான் சிரமம்.

ஆண்டு வரம்பு கிடைத்த பிறகு ஏடுகள் பயன்படும். பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" தமிழ்ப் படங்களை ஆண்டுவாரியாகத் தருகிறது. சில ஆண்டுப் பட்டியலை வரிவரியாகப் படித்தாலே பெயர் கண்ணில் பட்டுவிடுவதுண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தியேட்டர் வாசலில் விற்ற அந்தச் சிறு புத்தகங்களில் நடிகர் பட்டியலும் பாடல்களும் கதைச் சுருக்கமும் இருக்கும். ஆனால் கதைச் சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும். நினைவில் கடைசிக் காட்சி மட்டும் இருப்பவருக்கு அது உதவாது. பாடல் வரியோ தொடக்கமோ நினைவிருப்பவருக்கு மிகவும் உதவும். படச்சுருளே மிஞ்சாத பழைய படங்களுக்குப் பல சமயம் இந்தப் புத்தகம்தான் கிடைக்கும் சான்று.

பெரியவர்களிடம் கேட்பது இன்னொரு வழி. இங்கேதான் தேடல் பெரும்பாலும் கெடுகிறது. "அதில் ஜெய்சங்கர்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். சொன்னவரும் நம்பிவிடுவார், கேட்டவரும் நம்பிவிடுவார். அடுத்த முறை நினைத்துப் பார்க்கும்போது ஜெய்சங்கர் முகம் அந்தக் காட்சியில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். "அப்பாவாக நடித்தது யார்?" என்பதுதான் சரியான கேள்வி. இதே காரணத்தால், ஆளுக்கு ஒரு துண்டு சொல்லிச் சேர்ந்து உருவாக்கும் கதையில் இரண்டு படங்கள் கலந்துவிடுவதும் உண்டு. 1965இலேயே வந்த "எங்க வீட்டுப் பிள்ளை"யிலும் இரட்டையர்தான், அங்கேயும் இடம் மாறுகிறார்கள். அதன் காட்சி ஒன்று இந்தக் கதைக்குள் புகுந்துவிட்டால் எந்தப் படமும் பொருந்தாது. எல்லாத் துண்டுகளும் பொருந்தும் படம் கிடைக்கவே இல்லை என்றால், துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்து மறுபடி தேட வேண்டும்.

படம் கிடைத்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. யாரிடமும் சொல்லாமல், தேடும்போதும் பயன்படுத்தாமல் ஒரு சிறு துண்டை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அது ஒரு கார், ஒரு மாடிப்படி, ஒரு அடி என்று எதுவாகவும் இருக்கலாம். படத்தில் அது வந்தால் சந்தேகம் தீர்ந்தது. வராவிட்டால், பார்த்தது இதே கதையின் வேறு மொழிப் படமாக இருக்கலாம்.

எனவே தேடத் தொடங்குமுன், எந்தப் பட்டியலையும் புரட்டாமல், யாரையும் கேட்காமல், நினைவில் இருப்பதை அப்படியே தாளில் எழுதிவிடுவது முதல் வேலை. எங்கே, யாரோடு, எந்தப் பெட்டியில் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உடன் உட்கார்ந்து பார்த்த பெரியவர் இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.