இருபத்து நான்கு மணி நேரம்

சட்ட மாணவருக்கான வாய்மொழித் தேர்வில் ஒரு கற்பனை ஆட்சி அடிக்கடி தலைகாட்டும். அது அநியாயமான சட்டமொன்றை முறைப்படி நிறைவேற்றுகிறது. ‘இது சட்டமா?’ என்று தேர்வாளர் கேட்பார். அதிகாரம் பெற்ற அவை உரிய முறையில் இயற்றியிருந்தால் நல்லதோ கெட்டதோ அது சட்டமே என்பார் நேர்ச்சட்டவாதி. நீதியை அடியோடு மறுப்பது சட்டம் என்ற பெயருக்கே தகாது என்பார் இயற்கைச் சட்டவாதி.

மலேசிய மாணவருக்குக் கற்பனை தேவையில்லை. 1933ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஒருவரை ஏதேனும் ஒரு வட்டாரத்துக்குள்ளேயே வாழுமாறு ஆணையிட முடிந்தது. பீடோரில் இருக்கச் சொல்லிவிட்டால், அனுமதியின்றி ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதே குற்றமாக இருந்தது. இச்சட்டத்தின்கீழ் கைதான லோ கூய் சூன், அரசமைப்பின் 5(4) பிரிவு சொல்லும் 24 மணி நேரத்துக்குள் தம்மை மேஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவில்லை என்று இழப்பீடு கேட்டு வழக்காடினார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1976இல் நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தியது. இத்தகைய கைதுகளுக்கு 24 மணி நேர விதி பொருந்தாது என்றது திருத்தம். அதுவும் 1957இல் நாடு விடுதலை பெற்ற நாளிலிருந்தே!

1977இல் கூட்டரசு நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் பிற்காலத்தில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா. சட்டம் கடுமையானதா, அநியாயமானதா என்பது நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய கொள்கை, குறை காண்போருக்கு வாக்குப்பெட்டி இருக்கிறது என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று.

இங்கே நேர்ச்சட்டவாதம் தோற்றுவிட்டது என்று சொல்வது அவசரம். திருத்தம் சட்டம்தான் என்று ஒப்புக்கொண்டே, அது தீயது என்றும் ஒருவர் சொல்லலாம். நாஜி ஆட்சியில் கணவனைக் காட்டிக்கொடுத்த மனைவியின் வழக்கை எடுத்துக்கொண்டு நேர்ச்சட்டவாதி ஹார்ட் 1958இல் வாதிட்டது இதுதான்: தீய சட்டத்தைச் சட்டமே இல்லை என்று மழுப்பாமல், சட்டம்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாதது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபுல்லரின் பதில், பின்தேதியிட்ட விதியால் யாரும் தம் நடத்தையை அமைத்துக்கொள்ள முடியாது என்பது. நேற்றைய செயலுக்கு இன்று தண்டனை கொடுப்பதை அந்த வாதம் நேராகத் தாக்கும். லோவின் வழக்கோ தலைகீழ். திருத்தம் அவரைத் தண்டிக்கவில்லை; அவரைப் பிடித்து வைத்தவர்களைக் கேள்வியிலிருந்து விடுவித்தது. அந்நாளில் விதியைக் கடைப்பிடிக்க வேண்டியிருந்தவர்கள் அதிகாரிகளே. கடைப்பிடித்தார்களா என்ற கேள்வியையே திருத்தம் அழித்துவிட்டது.

ஆகவே தீர்ப்பின் பலவீனம் ‘இது சட்டம்’ என்பதில் இல்லை, வாக்குப்பெட்டியைக் காட்டியதில் இருக்கிறது. வாக்குப்பெட்டி பெரும்பான்மையின் கருவி. ஒற்றை மனிதனின் முடிந்துபோன காவல் நாட்களுக்காக எந்தப் பெரும்பான்மையும் திரளாது. தேர்வில் மாணவர் ‘சட்டமா?’ என்பதோடு நிற்காமல், அதைச் செயல்படுத்தும் நீதிபதி எதை ஏற்றுக்கொள்கிறார் என்ற அடுத்த கேள்விக்கும் தனியே விடை சொல்ல வேண்டும்.

வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. தீர்ப்புக்கு 34 ஆண்டுகள் கழித்து வந்த அந்த நீக்கம், லோ கேட்ட இழப்பீட்டுக்கு வழி திறக்கவில்லை.