எந்த மச்சான்?

போன வருஷம் எங்கள் தோட்ட இளைஞர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்குக் கெனோபியும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்தோம். 2,400 வெள்ளி. விலை நியாயமானதுதான், பிறகு நானே இரண்டு கடைகளில் விசாரித்தேன். வேலையும் சுத்தம். ஆனால் கெனோபிக்காரர் எங்கள் பொருளாளருடைய அக்கா வீட்டுக்காரர் என்பது போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சந்தா கட்டுவதை இருபது பேர் நிறுத்தினார்கள். "பிள்ளைங்க காசுல மாமன் மச்சான் பொழைக்கிறானுங்க" என்று கடையில் பேச்சு. பொருளாளர் அண்ணன் ஒரு காசும் தொட்டவர் இல்லை. அதை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

செயலவைக் கூட்டத்தில், "நீதான் இன்ஜினியரிங் படிக்கிற, ஒரு விதிமுறை எழுதிக் கொண்டா" என்று செயலாளரான என்னிடம் தள்ளிவிட்டார்கள். (இன்ஜினியரிங்கிற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

என் முதல் வரைவு ஒரே வரி. செயலவை உறுப்பினரின் உறவினருக்குச் சங்கத்தின் வேலையோ பணமோ தரக் கூடாது. வாசித்து முடித்ததும் தலைவர் சிரித்தார். "தம்பி, அப்ப நாம யாருக்குமே எதையும் கொடுக்க முடியாதுப்பா. எண்ணிப் பாரு." எண்ணினோம். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு அந்த மேசையிலேயே ஏதோ ஓர் உறவு இருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இது அதிசயமில்லை. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து, பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்து, ரந்தாவிலும் சிரம்பானிலும் கடை போட்டவர்கள் நாம். உறவை ஒதுக்கினால் சங்கமே காலி.

அதோடு, உறவுக்கு உதவுவது தவறா என்ற கேள்வியும் இருக்கிறது. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி மாமா கொடுத்தது. அதைத் தவறு என்று நான் எப்படி எழுத முடியும்? திருக்குறளில் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள் இருக்கின்றன. 506-ஆவது, சுற்றம் இல்லாதவனை நம்பிவிடாதே, அவனுக்குப் பழிக்கு அஞ்ச ஆளில்லை என்கிறது. 507-ஆவது, பாசம் இருக்கிறது என்பதற்காக அறிய வேண்டியதை அறியாதவனைத் தேர்ந்தெடுத்தால் எல்லா மடமையும் வந்து சேரும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. உறவு என்பது ஒருவரைத் தள்ளிவைக்கக் காரணமில்லை, தேர்ந்தெடுக்கவும் காரணமில்லை. மாமா தன் சட்டைப் பையிலிருந்து எனக்குக் கொடுத்தார். பொருளாளர் அண்ணன் கையெழுத்திட்ட 2,400 வெள்ளியோ நூறு வீட்டுக்காரர்களுடைய சட்டைப் பையிலிருந்து வந்தது. அவர்களிடம் "இவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் குறை.

சரி, உறவு என்றால் யார்? இங்கேதான் எனக்கு மூன்று வாரம் போனது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் குடவோலைக்காகத்தான் பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. அதில் தேர்தலைவிட எனக்குப் பிடித்த பகுதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமன், மனைவியுடன் பிறந்தவன், சகோதரியை மணந்தவன், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று வரிசையாகச் சொல்லி, அவர்கள் பெயரும் கூடாது என்கிறது. இந்த வரிசை கணக்குக் காட்டாதவனின் உறவைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். அது ஒரு பிராமணர் ஊர்ச் சபை, நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் உறவு என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாமல் ஒவ்வொரு முறையையும் பெயர் சொல்லி எழுதிய அந்தப் புத்தியை நான் எடுத்துக்கொண்டேன்.

மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-உம் இதையே செய்கிறது. அச்சட்டத்தில் 'பொது அமைப்பு' என்றால் அரசாங்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பதிவு பெற்ற சங்கமும், பதிவு பெற்ற இளைஞர் சங்கமும் அதற்குள் வருகின்றன. 23-ஆவது பிரிவின்படி, பொது அமைப்பில் பொறுப்பில் இருப்பவர் தனக்கோ தன் உறவினருக்கோ கூட்டாளிக்கோ பங்கு உள்ள விஷயத்தில் முடிவெடுத்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, பதவியைப் பயன்படுத்தினார் என்றே சட்டம் கருதும். தண்டனை 20 ஆண்டுச் சிறைவரை போகலாம். தோட்டத்து விளையாட்டுப் போட்டிக் கெனோபிக்கு இதுவா என்று மலைத்தோம். ஆனால் சட்டம் கெனோபியின் அளவைக் கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் மனைவியின் சகோதரன் இருக்கிறார். மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், மருமகன், மருமகள் எல்லாரும் இருக்கிறார்கள். சகோதரியின் கணவர் என்று தனியாக இல்லை, சம்பந்தியும் இல்லை. நம் ஊரிலோ இரண்டு பேரும் மச்சான்தான். அத்தை மகனும் மச்சான். பள்ளிக்கூடச் சிநேகிதனும் மச்சான். எங்கள் பிரச்சினை ஆரம்பித்ததே அக்கா வீட்டுக்காரரில்! அதனால் படிவத்தில் "உறவினரா? ஆம் / இல்லை" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "உங்களுக்கு அவர் என்ன முறை, எந்த வழியில்?" என்று போட்டேன். பட்டியலில் உத்திரமேரூர் மாதிரி அக்கா தங்கை கணவரையும், நம் பழக்கப்படி சம்பந்தியையும் சேர்த்தேன். ஒரே வீட்டில் குடியிருப்பவர், கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் என்று இன்னும் ஒரு வரி. (கூட்டு கட்டுபவர்களையும் சேர்க்கலாம் என்றார் ஒருவர். கூட்டுப் பிடிப்பது 1971-லிருந்து சட்டப்படி தடை. அதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட யார் வருவார்கள்?)

எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறையச் சில்லறை. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதன் மதிப்பை ஊகிக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்த ஆலோசகர் அவருக்கு யோசனை சொல்வார். ஊகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆலோசகருக்கு லாபம். அந்த லாபத்தை வெளிப்படையாகச் சொன்னபோது ஆலோசகர்கள் இன்னும் அதிகமாகக் கூட்டிச் சொன்னார்கள். 'நான்தான் சொல்லிட்டேனே, இனி அவங்க பாத்துக்கட்டும்' என்ற மனசு. கேட்பவர்களும் அதற்கு ஈடாகப் போதுமான அளவு குறைத்துக்கொள்ளவில்லை. ஆகவே எங்கள் விதியில் சொல்வது பாதிதான். சொன்ன பிறகு எழுந்து வெளியே போக வேண்டும். மேசையிலேயே வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாதா என்று கேட்டார்கள். பெரியப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மருமகனின் விலை அதிகம் என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

விதி ஜூனில் அமலுக்கு வந்தது. ஆகஸ்டில் அதன் முதல் சோதனையில் மாட்டியது நான். டியூஷன் வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் தேவை, மாதம் 300 வெள்ளி. மூன்று விண்ணப்பம் வந்தன. ஒன்று என் தங்கை, எஸ்.டி.பி.எம். முடித்தவள். இன்னொன்று துணைத் தலைவரின் மருமகள். மூன்றாவது பக்கத்துத் தோட்டத்துப் பெண். படிவத்தை நிரப்பினோம். நானும் என் பெரியப்பா மகனும், துணைத் தலைவரும் அவர் தம்பியும், அந்த மருமகளின் சித்தப்பாவும் ஆக ஐந்து பேர் வெளியே போக வேண்டும். மீதி நான்கு பேர். கூட்டம் நடக்க ஐந்து பேர் வேண்டும், வெளியே போனவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்காகவே விதியில் ஒரு வரி வைத்திருந்தோம்: ஆள் குறைந்தால், செயலவையில் இல்லாத, சம்பந்தப்பட்ட யாருக்கும் உறவில்லாத இரண்டு சாதாரண உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு பேரைத் தேடவே நான்கு நாள் பிடித்தது!

நாங்கள் ஐந்து பேரும் மண்டபத்துக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முடிவு வந்தது. துணைத் தலைவரின் மருமகள். பாலர் பள்ளியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்.

வீட்டில் தங்கை கேட்டாள். "அவங்க வீட்டு மருமகளுக்கே போச்சு. அப்ப உன் பாலிசி என்ன பாலிசி?" கூட்டக் குறிப்பை எடுத்துக் காட்டினேன். யார் வெளியே போனது, யார் மதிப்பெண் போட்டது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, எல்லாம் இருந்தது. பாடத்தில் இவளுக்குத்தான் முதலிடம், அனுபவத்தில் கடைசி. நிதானமாகப் படித்துவிட்டு, "அனுபவத்துக்கு 40 மார்க்குன்னு யாரு வச்சது?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த மதிப்பெண் முறையை ஜூலைக் கூட்டத்தில் வைத்தோம். விண்ணப்பம் எதுவும் வராத நேரம், அதனால் யாரும் எழுந்து போகவில்லை. துணைத் தலைவர் 40 என்றார், நான் 30 என்றேன், பெரும்பான்மை 40. அவருக்குத் தன் மருமகள் விண்ணப்பிப்பார் என்று அப்போதே தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆனால் என் தங்கை விண்ணப்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். 30 என்று நான் சொன்னதற்கு அது காரணமில்லை என்றுதான் நினைக்கிறேன். லேபில் மோசமான வோல்ட்மீட்டர், தான் அளக்கும் சுற்றின் மின்னழுத்தத்தையே குறைத்துவிடும். அதன் முள்ளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, வேறு மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் விதியின் ஓட்டை அதுதான். யாருக்குக் கொடுப்பது என்று பேசும்போது உறவைக் கேட்டோம். எப்படிப்பட்டவருக்குக் கொடுப்பது என்று பேசும்போது கேட்கவில்லை. கெனோபிக்கும் இது பொருந்தும். 'இரும்புச் சட்டம், 20-க்கு 40 அடி' என்று தேவையை எழுதும்போதே அது ஊரில் ஒருவரிடம் மட்டும் இருப்பதாக எழுதிவிடலாம், பிறகு எத்தனை கொட்டேஷன் கேட்டாலும் ஒன்றுதான் பொருந்தும்.

திருத்தத்தை எழுதி முடித்துவிட்டேன். ஒரு செலவோ வேலையோ முதன்முதலாகக் கூட்டத்தில் பேச்சுக்கு வரும் நாளிலேயே, "எங்கள் வீட்டில் யாராவது இதற்கு வரக்கூடும்" என்று தெரிந்தவர் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. துணைத் தலைவர் எதிர்க்கிறார். "வரக்கூடும்னு பாத்தா எல்லாருமே வெளிய நிக்கணும்" என்கிறார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தங்கை இந்த வருஷம் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கும் ஓர் ஓட்டு உண்டு. எந்தப் பக்கம் போடுவாள் என்று நான் கேட்கவில்லை.