தேதி சொல்லிக் கேட்பது தவறா?

“குழுத் தலைவி அவர்களுக்கு, விதி 9-இன்படி மூன்றாண்டுச் சேமிப்பை ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் பிரித்துத் தருவதாகத் தீர்மானப் புத்தகத்தில் நாம் 15 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இன்று ஜூன் 2. என் முதிர்வுத் தொகை எப்போது கிடைக்கும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு இப்படி ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றி இருக்காது. “நமக்குள்ளயே லெட்டர் போடுற அளவுக்கு வந்துட்டாளா? மத்தவங்க எல்லாம் பொறுத்துக்கலையா?” என்பதுதான் அது. தாமதம் மறைந்து, கேட்டவளின் குணம் விசாரணைக்கு வந்துவிடும். விதியைக் காட்டிக் கேட்பது உறவை முறிப்பதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் முன் பாஸ்புக்கையும் கடன் லெட்ஜரையும் திறந்து பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்களில் சேமிப்பு பெட்டியில் தூங்குவதில்லை. உள்கடனாக உறுப்பினர்களிடமே சுற்றிவருகிறது. சில குழுக்கள் குறிப்பிட்ட காலத்தில் கணக்கை முடித்து, சேமிப்பையும் வட்டியையும் பிரித்துக்கொள்கின்றன. பிரிக்கும் நாளில் கடன் திரும்பியிராவிட்டால்தான் சிக்கல்.

ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் என்றால், 36 மாதத்தில் 18,000. வட்டியில் ஆளுக்கு 5,000 சேர்ந்து பங்கு 23,000 ஆகிறது. 15 பேருக்கும் சேர்த்து 3,45,000 வேண்டும். வங்கியில் இருப்பதோ 2,70,000. மீதி 75,000 மூன்று பேரிடம், ஆளுக்கு 25,000 வீதம் நிற்கிறது. ஒருத்தியின் கணவர் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறார், இன்னொருத்தியின் ஆடு செத்துவிட்டது, மூன்றாமவள் காரணம் சொல்லவில்லை. “அவங்க கட்டினதும் எல்லாருக்கும் ஒண்ணாக் கொடுத்துடலாம்” என்று தலைவி முடிவெடுக்கிறார். கருணைதான், ஆனால் அந்தக் கருணைக்கான செலவு பன்னிரண்டு பேருடையது. அவர்களில் எவரிடமும் அவர் கேட்கவில்லை.

சற்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கடன் வாங்கிய மூவருக்கும் ஆளுக்கு 23,000 பங்கு உண்டு. அதைக் கடனில் கழித்தால் ஒவ்வொருத்தியும் கட்ட வேண்டியது 2,000 மட்டுமே. மற்ற பன்னிரண்டு பேருக்குத் தர வேண்டியது 2,76,000. கையில் 2,70,000 இருக்கிறது. குறைவது 6,000, அதாவது ஆளுக்கு 500 ரூபாய். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு 22,500 ரூபாயை ஏப்ரல் 10-ஆம் தேதியே கொடுத்திருக்கலாம். பல குழுக்களில் ‘பணம் வரலை’ என்று சொல்லப்படுவது இந்தக் கழித்தலைச் செய்யாததால் வரும் தாமதம்தான். கழித்தால் அந்த மூவர் வீட்டுக்கு ஒன்றும் போகாதே என்ற சங்கடம் அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தச் சங்கடம் நியாயமானது. ஆனால் அவர்களுக்கு உதவ வழி வேறு: அடுத்த சுற்றில், எல்லோர் சம்மதத்தோடும் புதிய கடன்.

கடிதம் எழுதியவளின் பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. 18,000 அவள் கைக்காசு. அதைப் பெரும்பான்மை முடிவால்கூடத் தள்ளிவைக்க முடியாது. தள்ளவேண்டுமென்றால் தேதிக்கு முன்பே அவளும் கையெழுத்திட்ட தீர்மானம் வேண்டும். வட்டி அப்படியல்ல. கஷ்டப்படும் அதே பெண்களிடம் கடனுக்கு வட்டி வாங்கி வந்த ஆதாயம் அது. அதில் பங்கு எடுத்தவள் வசூலாகாத ஆபத்திலும் பங்கு எடுக்கத்தான் வேண்டும். அதனால் அந்த 500 ரூபாய்க்காக அவள் காத்திருப்பது முறை. கடனாளிகளின் வீட்டு விவகாரத்தைக் கடிதத்தில் இழுக்காமல் விதி எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதியதும் முறைதான்.

பணம் உண்மையிலேயே தொலைந்திருந்தால், அதாவது யாராவது வங்கியிலிருந்து எடுத்துச் செலவழித்திருந்தால், இந்தக் கணக்கு உதவாது. அப்போது அவள் கேட்க வேண்டியது தொகையை அல்ல, பாஸ்புக்கை. கேட்டும் காட்டாமல் இழுத்தடிக்கிற குழுவில் அடுத்த மாதச் சேமிப்பைக் கட்டாமல் நிறுத்துவதும் தவறில்லை.

இந்தக் கடிதம் எழுந்த சூழல் அப்படிப்பட்டதல்ல. தேதி குழு போட்டது, விதி குழு எழுதியது. நினைவூட்டுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. தலைவிகள் இதை ஒரு புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த கூட்டத்தில் கடிதத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, எல்லோர் முன்னிலையிலும் கழித்துக் காட்டி, கையில் இருப்பதை அன்றே கொடுத்துவிடுங்கள்.