மூன்று பட்டைக்குள் ஒரு கிடங்கே இருக்கிறது!

தம்பி, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்திருக்கிறாய். ஒரு காலாட்படைக் கம்பெனியின் சி.க்யூ.எம்.ஹெச், அதாவது கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். ஆனால் உன் பயோடேட்டாவில் என்ன எழுதியிருக்கிறாய்? "இந்திய ராணுவத்தில் நேர்மையாகப் பணியாற்றினேன், கட்டுப்பாடு மிக்கவன்." இதைப் படிக்கும் மனிதவள அதிகாரிக்கு ஒரே ஒரு வேலைதான் நினைவுக்கு வரும்: கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. காவல் பணி கேவலமில்லை. ஆனால் நீ செய்த வேலை அதுவல்லவே! அவர் உன்னைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று கொதிக்காதே. மதிப்பிட அவர் கையில் நீ எதுவும் கொடுக்கவில்லை.

பதவிப் பெயரை ஓரமாக வை. காலை முதல் இரவு வரை என்ன செய்தாய் என்று சொல். கம்பெனியின் பலம் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். லீவில் 25, ஆஸ்பத்திரியில் 3, கோர்ஸில் 2. மீதி 90 பேருக்குத்தான் ரேஷன் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தினமும் மாறும். கூடுதலாக எடுத்தால் வீண். குறைந்தால் லங்கரில் ஜவான் தட்டோடு நிற்பான். இதைத் தனியார் நிறுவனத்தார் தேவைத் திட்டமிடல் என்கிறார்கள், அதற்குத் தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அடுத்து உடை, பூட்ஸ், கம்பளி, கூடாரம். இண்டென்ட் போட்டாய், வந்ததை எண்ணி வாங்கினாய், லெட்ஜரில் ஏற்றினாய், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாய். கிழிந்ததைத் தனியே பிரித்துக் கழிவுக்கு அனுப்பினாய். பொறுப்பு கைமாறும்போது ஒவ்வொரு பொருளையும் எண்ணி இருவரும் கையெழுத்திட்டீர்கள். ஒரு பொருள் குறைந்தால் விசாரணை. தவறு உன்னுடையது என்றால் உன் சம்பளத்திலிருந்தே பிடித்தம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ உள்ள ஒரு கிடங்கில் இதே வேலையைச் செய்பவரின் பெயர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். இன்வென்டரி என்றதும் மிரளாதே! உன் லெட்ஜரும் இருப்புச் சரிபார்ப்பும்தான் அது.

இப்போது எழுது: "120 பேர் கொண்ட பிரிவின் உணவு, உடை, உபகரணக் கிடங்குக்குப் பொறுப்பாளர். தினசரித் தேவைக் கணக்கு, கொள்முதல் கோரிக்கை, சரக்கு வரவு, வழங்கல், பதிவேடு, இருப்புச் சரிபார்ப்பு ஆகியவற்றை நேரடியாகக் கவனித்தேன். எனக்குக் கீழே இத்தனை பேர் வேலை பார்த்தார்கள்." எண்கள் உன்னுடையவையாக, கேட்டால் விளக்கக்கூடியவையாக இருக்கட்டும். தணிக்கையில் குறை வரவில்லை என்றால் அதையும் எழுது. வந்திருந்தால் எழுதாதே, பொய்யும் சொல்லாதே. வெடிமருந்து அளவு, யூனிட் நின்ற இடம் இரண்டும் தாளில் வரவே கூடாது. அவை இல்லாமலே உன் வேலை விளங்கும்.

கோர்ஸ் பெயர்களையும் இப்படியே பிரி. "ஜூனியர் லீடர்ஸ் கோர்ஸ்" என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு வேலை பிரித்துக் கொடுக்கவும், பயிற்சி தரவும், நெருக்கடியில் முடிவெடுக்கவும் கற்றேன் என்று எழுது.

அதற்காக மேலே ஏறிக் குதிக்காதே. ஹவில்தார் தன்னை ஜெனரல் மேனேஜர் என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். எத்தனை பேருக்குப் பொறுப்பு, எவ்வளவு சரக்கு, யாருக்குப் பதில் சொன்னாய் என்ற மூன்றையும் பார்த்துப் பதவியைத் தேர்ந்தெடு. உனக்குப் பொருந்துவது சூப்பர்வைசர். சுபேதார் வரை போனவர் அதற்கு மேலேயும் கேட்கலாம்.

ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்காதே. கிடங்குகள் இன்று கணினியில் ஓடுகின்றன. எஸ்.ஏ.பி., டாலி, ஜி.எஸ்.டி. இ-வே பில் பற்றி நேர்காணலில் கேட்பார்கள். லெட்ஜரின் தர்க்கம் தெரிந்த உனக்கு அவை புது உலகமல்ல. திரை மட்டும்தான் புதிது. பயிற்சிக்கு மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.ஆர். இருக்கிறது, உன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய்க் கேள். மெட்ரிக் படித்துப் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவரை, தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத மத்திய அரசு குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் ஆணையும் உண்டு. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. அங்கே உன் வேலையின் விவரம்தான் பேச வேண்டும்.

எழுதியதை ராணுவமே தெரியாத ஒருவரிடம், உன் மைத்துனரிடமோ பக்கத்து வீட்டுக் கடைக்காரரிடமோ கொடு. "நான் என்ன வேலை பார்த்தேன்?" என்று கேள். "பட்டாளத்தில் இருந்தீங்க" என்றால் கிழித்துப் போட்டு மறுபடி எழுது. "கிடங்கு பார்த்தீங்க, கணக்கு வெச்சீங்க, ஆளுங்களை மேய்ச்சீங்க" என்று அவர் சொன்னால் தாள் தயார். அன்றைக்கே அனுப்பு!