மாட்டேன் என்பதற்கு ஓர் ஆள் வேண்டும்

'ஐ டோன்ட் ஈட் மீட்' என்று ஒருவர் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால், அவரைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'கறி சாப்பிடுறதில்ல' என்றால் அது அவர் வழக்கம். 'கறி சாப்பிட மாட்டேன்' என்றால் அது அவர் நிலைப்பாடு. முதலாவதைக் கேட்ட நண்பன், 'இன்னிக்கு ஒரு நாள் சாப்பிட்டுத்தான் பாரேன்' என்று தட்டை நகர்த்தலாம். இரண்டாவதைக் கேட்டபிறகும் நகர்த்தினால் அது வற்புறுத்தல். ஆங்கிலத்தின் 'டு நாட்' இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. உறையைப் பிரித்துப் பார்ப்பது கேட்பவர் பாடு.

அந்த 'டு' ஒரு விநோதமான சொல். அந்த இடத்தில் அதற்கென்று தனிப் பொருள் கிடையாது. காலத்தைச் சுமப்பதும் 'நாட்' வந்து உட்கார இடம் கொடுப்பதும்தான் அதன் வேலை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'ஐ நோ நாட்' என்றும் சொல்லலாம், 'ஐ டு நாட் நோ' என்றும் சொல்லலாம். பிறகு இரண்டாவதே பொது வழக்காக நிலைத்தது. எப்படிச் சொன்னாலும் அங்கே மறுப்பு வினைக்கு வெளியே நிற்கும் தனிச் சொல். தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே போகும். ஆகவே எந்த வினைவடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதோடு வேறு சில முடிவுகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

அந்த முடிவுகளில் ஒன்று, 'யார்' என்பது. பழைய தமிழில் 'செய்யேன்' என்று ஒரு வடிவம் உண்டு. 'செய்' என்ற பகுதியோடு நேராக 'ஏன்' விகுதி சேர்கிறது. நடுவில் காலம் காட்டும் இடைநிலை இல்லை. நேற்றா, இன்றா, நாளையா என்று அந்தச் சொல் தானாகச் சொல்லாது. ஆனால் செய்யாதவன் 'நான்' என்பதைச் சொல்லிவிடும். 1856-இல் வெளிவந்த தன் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல்லும் இந்தக் காலமின்மையைக் கவனித்து எழுதியிருக்கிறார். காலத்தைச் சொல்லியே ஆகவேண்டிய இடங்களுக்கு 'வந்திலேன்', 'வந்திலன்' போன்ற வடிவங்கள் இருந்தன. அவற்றிலும் 'இல்'லுக்குப் பிறகு ஆள் வந்து நிற்கிறார்.

இன்றைய தமிழில் இந்த வேலை பிரிந்து போயிருக்கிறது. நடந்ததைச் சொல்ல 'வரவில்லை'. வழக்கத்தைச் சொல்ல 'வருவதில்லை'. மறுப்பைச் சொல்ல 'வர மாட்டேன்'. முதல் இரண்டில் ஆள் கிடையாது. நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். வருகை என்ற ஒன்று இல்லை, அவ்வளவே. மூன்றாவதில் மட்டும் ஆள் மிஞ்சியிருக்கிறார்: மாட்டேன், மாட்டாய், மாட்டாள், மாட்டோம். தகவலாகச் சொல்லும்போது பெயரைத் துடைத்துவிட்ட மொழி, எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுக்கும்போது மட்டும் கையெழுத்துக் கேட்கிறது. இது தற்செயலாகவே நடந்திருக்கலாம். ஆனால் பயன்படுத்தும் நமக்கு அதன் விளைவு தற்செயலானதல்ல.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு செயலியின் தமிழ் வாசகங்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்: 'வி டு நாட் ஷேர் யுவர் லொகேஷன்.' தமிழில் இதற்கு நான்கு வாக்கியங்கள் சாத்தியம்.

'உங்கள் இருப்பிடத்தை நாங்கள் பகிரவில்லை.' இதன் முன்னால் 'இதுவரை' போட்டுப் பாருங்கள், பொருந்தும். 'இனிமேல்' போட்டால் வாக்கியம் உடையும். ஆக, இது நாளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

'நாங்கள் பகிர்வதில்லை.' இது வழக்கத்தின் விவரிப்பு. அடுத்த மாதம் பகிர ஆரம்பித்தால் வழக்கம் மாறியது என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னது பொய் என்று ஆகாது.

'நாங்கள் பகிர மாட்டோம்.' இதற்கு 'இனிமேல்' இயல்பாகப் பொருந்தும். பிறகு பகிர்ந்தால் மாறியது வழக்கமல்ல, வாக்கு.

நான்காவதுதான் சுவாரசியமானது: 'இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தைப் பகிராது.' மனிதர்களுக்கு 'மாட்டு' கேட்கும் தமிழ், அஃறிணைக்கு அதைக் கேட்பதில்லை. மழை பெய்யாது, நாய் கடிக்காது, செயலி பகிராது. மூன்றும் இயல்பைச் சொல்கின்றன. எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. படிக்க மிக உறுதியாகத் தெரிவதும் இந்த வாக்கியம்தான். ஆனால் பின்னால் போய்க் கேட்க அதில் ஆளில்லை.

நான் 'பகிர மாட்டோம்' என்று எழுதி அனுப்பினேன். 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு' என்று திரும்பி வந்தது. கடைசியில் வெளியானது 'செயலி பகிராது'. மொழிபெயர்ப்பு என்ற அளவில் அதில் பிழை சொல்ல முடியாது. எனக்கு உறுத்தியது வேறு. ஆங்கில வாக்கியத்தில் 'நாங்கள்' இருந்தது. அது தகவலா வாக்குறுதியா என்று யாரும் முடிவு செய்யாமலே அங்கே எழுதியிருக்க முடியும். தமிழ் அதை முடிவு செய்யச் சொன்னது. நிறுவனமும் முடிவு செய்தது, தன்னை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது என்று.

ஆங்கிலத்துக்கும் இது முடியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'வில் நாட்' அங்கே தயாராகத்தான் இருக்கிறது. வேறுபாடு, அதைத் தொடாமலே தப்பிக்கப் பொது வழியாக 'டு நாட்' இருப்பதுதான். தமிழும் புனிதமல்ல. 'அவன் வர மாட்டான்' என்பது பெரும்பாலும் என் ஊகம்தான், அவன் மறுப்பு அல்ல. மறுப்பின் முழுக் கனமும் தன்மையில், 'ஏன்', 'ஓம்' விகுதிகளில்தான் ஏறுகிறது.

இன்னொரு தப்பும் வழி பேச்சில் இருக்கிறது. 'மாட்டு' என்பதற்குப் பழைய பொருள் இயலுதல். மாட்டாமை என்றால் இயலாமை. 'என்னால் ஆகாது' என்ற பொருளிலிருந்து 'எனக்கு விருப்பமில்லை' என்ற பொருளுக்கு அது நகர்ந்திருக்கிறது. இன்று 'முடியாது' அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. 'சனிக்கிழமை வர முடியாதுங்க' என்று மேலாளரிடம் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வர முடியும், வர விருப்பமில்லை. அதிகாரத்துக்கு முன்னால் 'வர மாட்டேன்' சொல்வதற்கு விலை உண்டு. அதனால் ஆளில்லாத 'முடியாது'க்குள் போய் நின்றுகொள்கிறோம். பலவீனமானவர் அப்படி ஒதுங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதிகாரம் உள்ளவர், 'ரூல்படி பண்ண முடியாது' என்று ஒதுங்கும்போதுதான் கேட்கத் தோன்றுகிறது: முடியாதா, மாட்டீர்களா?

நம் பேச்சுத் தமிழுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். வண்டி கிளம்பாதபோது 'ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்கிறோம். பிரித்தால், 'மாட்டேன் என்கிறது'. சர்வரும் 'கனெக்ட் ஆக மாட்டேங்குது'. இலக்கணம் அஃறிணைக்குத் தராத அந்த 'ஏன்' விகுதியை, எரிச்சலில் நாம் அதன் வாயில் வைத்துவிடுகிறோம். ஏனென்றால் நம்மை மறுக்கும் ஒன்றின் பின்னால் ஒரு 'நான்' இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறோம். மனிதர்கள் எழுதும் அறிவிப்புகளில் அந்த 'நான்' காணாமல் போகும்போதும் அதே எரிச்சலோடு தேடலாம். ஒரு வாக்குறுதியைப் படித்தால் அதன் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். அங்கே 'ஓம்' இருக்கிறதா, 'ஆது' இருக்கிறதா?